மனைவி பெயரில் டெபாசிட், கணவருக்கு நோட்டீஸ்

வணக்கம் நேயர்களே. மனைவி பெயரில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது, வட்டியை அவரே தன் ரிட்டர்னில் காட்டி வரியும் கட்டுகிறார், ஆனால் வருமான வரித் துறை நோட்டீஸ் கணவருக்கு வருகிறது: இந்தப் பணம் நீங்கள் கொடுத்ததுதானே, வட்டியை உங்கள் வருமானத்தோடு ஏன் சேர்க்கக் கூடாது? ஆடிட்டர்கள் இதை கிளப்பிங் என்போம்.

கணவன் மனைவிக்குப் பணம் கொடுத்தால் அந்த அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணம் சம்பாதித்துத் தரும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும், வருமான வரிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முன்பே கொடுத்திருந்தால் பொருந்தாது, கொடுத்த நாளிலும் வருமானம் வந்த நாளிலும் தம்பதியாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மனைவி பள்ளி ஆசிரியை. டெபாசிட் 20 லட்சம், வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். நோட்டீஸ் முழுத் தொகையையும் கணவர் தலையில் வைக்கிறது. உண்மையில் அந்த 20 லட்சத்தில் 8 லட்சம் கணவர் கொடுத்தது, 3 லட்சம் மனைவியின் சம்பளச் சேமிப்பு, மீதி 9 லட்சம் அவருடைய அப்பா நிலம் விற்றுக் கொடுத்தது.

இந்த இடத்தில் பலர் "எல்லாமே என் மனைவியின் பணம்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கணவரின் பாஸ்புக்கில் 8 லட்சம் போனது பளிச்சென்று தெரியும்போது அந்த ஒரு வரி மற்ற 12 லட்சத்தின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். 8 லட்சத்தை ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கான வட்டி 56,000 உங்களுடையது, 84,000 அவருடையது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் ஆதாரம். சம்பளப் பணத்துக்கு ஃபார்ம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, அதிலிருந்து டெபாசிட்டுக்குப் போன பற்று, மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வீட்டுச் செலவை நீங்கள் பார்த்ததால்தானே அவரால் சேமிக்க முடிந்தது என்று அதிகாரி கேட்கக்கூடும், கேட்டால் தயங்க வேண்டாம். குடும்பச் செலவை ஏற்றுக்கொண்டது சொத்தைக் கைமாற்றியது ஆகாது, சம்பளம் அவர் உழைத்து வாங்கியது.

அப்பாவின் 9 லட்சத்துக்கு நிலத்தின் கிரயப் பத்திர நகல், விற்ற பணம் அவர் கணக்கில் வரவான நாள், அங்கிருந்து மகள் கணக்குக்குப் போன நாள், இத்தனையும் வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? நம் ஊர் வழக்கப்படி மாமனார் செக்கை மாப்பிள்ளை பெயரில் எழுதிவிடுவார், மாப்பிள்ளை நாலு நாள் கழித்து மனைவிக்கு மாற்றுவார். பேப்பரில் பார்த்தால் மாமனார் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார், மாப்பிள்ளை மனைவிக்குக் கொடுத்தார் என்றுதான் இருக்கும்! அதே தொகை, ஒரு ரூபாய் குறையாமல், சில நாளில் அவர் கணக்குக்குப் போயிருந்தால், பணம் மகளுக்காக வந்தது, மாப்பிள்ளை கைமாற்றி மட்டும் விட்டார் என்று வாதிடலாம். மாமனார் அப்போதே எழுதிய கடிதம் இருந்தால் வாதம் நிற்கும், இல்லையென்றால் கொஞ்சம் பலவீனம்தான்.

அதற்காக இப்போது ஒரு பத்திரம் வாங்கிப் பழைய தேதி போட்டு எழுத வேண்டாம். ஸ்டாம்ப் வெண்டர் பின்பக்கத்தில் விற்ற தேதியை எழுதியிருப்பார், அதைத் திருப்பிப் பார்த்தாலே போதும், சரியான மற்ற பேப்பரையும் நம்ப மாட்டார்கள். இன்றைய தேதியிலேயே மாமனார் ஒரு உறுதிமொழி கொடுத்து, அதைப் பழைய வங்கி வரவுகளோடு சேர்த்து வைப்பதே மேல்.

இரண்டாம் ஆண்டுக்கு இன்னொரு விஷயம் உண்டு. வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்தால் டெபாசிட் 21,40,000 ஆகிறது, வட்டி 1,49,800. கணவர் கணக்கில் சேர்வது அப்போதும் 56,000 மட்டும்தான், ஏனென்றால் கொடுத்த பணம் ஈட்டிய வட்டி மனைவியின் சொத்தாகிவிட்டது, அந்த வட்டிக்கு வரும் வட்டி அவருடையது. நோட்டீஸில் இதைப் பிரிக்காமல் மொத்தமாகப் போட்டிருந்தால் ஆண்டுவாரியாக ஒரு அட்டவணை போட்டு இணையுங்கள்.

பதிலை வரித் துறை இணையதளத்தில் e-Proceedings பகுதியில் ஏற்றுங்கள். பேப்பர் சேரவில்லை என்றால் அங்கேயே அவகாசம் கேட்கலாம், தேதி தாண்டிய பிறகு கேட்பதில் பயனில்லை. அந்த 56,000க்கு மனைவி ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அவருடைய ரிட்டர்ன் நகலையும் வைத்து, ஒரே வட்டிக்கு இரண்டு பேரிடம் வரி வாங்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். அவருடைய பான் எண்ணில் வங்கி பிடித்த டிடிஎஸ்ஸிலும் அந்தப் பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது, அதையும் அதே பதிலில் கேளுங்கள், நீங்கள் கேட்காமல் யாரும் அதைக் கழித்துத் தர மாட்டார்கள். நன்றி, வணக்கம்.