நாளைய மழையும் 2100இன் வெயிலும்
(ஏரிப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி அமர்ந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அண்ணன் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, கடைசி வரிசையில் நிற்கும் விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

வானிலை அறிவிப்பு, காலநிலைக் கணிப்பு, கடல்மட்டம் என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன் என நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்றார்கள். ஆடி 18 அன்று மாலை மழை வரும் என்றா சொன்னார்கள்? பருவத்தின் போக்கைச் சொன்னார்கள். தேதி சொல்வது வானிலை, போக்கைச் சொல்வது காலநிலை.

தேதி சொல்வது ஏன் கஷ்டம்? 1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர், கணினியில் ஒரு கற்பனை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க நினைத்து, பழைய அச்சுத்தாளில் இருந்த எண்களைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். அந்தக் காலத்துக் கணினி, சத்தமும் அதிகம், வேகமும் குறைவு. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், முதலில் பழையபடியே போன வானிலை, போகப்போக விலகி வேறு ஊர் வானிலையாகவே ஆகிவிட்டது! கணினி பழுது என்றுதான் முதலில் நினைத்தார். விஷயம் என்னவென்றால், உள்ளே இருந்த எண் 0.506127, தாளில் அச்சாகியிருந்தது 0.506. அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைய காற்றையும் ஈரத்தையும் முழுத் துல்லியமாக யாராலும் அளக்க முடியாது. அந்தச் சிறு பிழை வளர்ந்து, சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வானிலையைச் சொல்ல விடாது.

அப்படியானால் 2100ஐ எப்படிச் சொல்கிறார்கள்? அங்கே எந்த நாளையும் சொல்வதில்லை, பல ஆண்டுச் சராசரியைத்தான் சொல்கிறார்கள். அதுவும் “இவ்வளவு புகை விட்டால்” என்ற நிபந்தனையோடு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, உமிழ்வை வேகமாகக் குறைத்தால் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் வெப்ப உயர்வு சுமார் 1.8 டிகிரி, நடுத்தரப் பாதையில் 2.7, மிக அதிக உமிழ்வில் 4.4. எல்லாம் 1850–1900 சராசரியை வைத்துச் சொல்வது. இதில் எது நடக்கும் என்று அறிக்கை ஜோசியம் சொல்லவில்லை. எந்தப் பாதை என்பது நாம் விடும் புகையைப் பொறுத்தது.

சரி, நம் ஏரிக்கு வருவோம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெருமழை இன்னும் பெருமழையாகும். அதனால் ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலுங்கைப் பழைய மழைக்கணக்கில் கட்டாதீர்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “நாளைக்கு மழை வருமான்னே தெரியல, 2050 எதுக்கு சார்?” என்றார் அதிகாரி. ஐயா, ஆடிப்பட்டம் தேடி விதை! கலுங்குக்கு எந்தத் தேதியில் மழை என்று தெரிய வேண்டாம், எவ்வளவு பெரிய மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்தால் போதும்.

கடல்மட்டத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியடிக்கிறார். கலுங்கை அகலப்படுத்தக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட அவரவர் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் கயிறு கட்டி வைத்த பேனாவையே காணவில்லை.