சொல்வதைச் சொல்லி, மீதிக்கு நாள் குறியுங்கள்

நடுவர் கேட்டது: “பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ பேச்சு தொடங்கிய முதல் நாளே, ‘சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, நீங்கள் என்ன ஆட்கள்’ என்று கேட்கிறார்கள். உள்ளதை முழுவதும் கொட்டிவிடுவது நல்லதா, அளவோடு சொல்லி நிறுத்துவது நல்லதா?”

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் நாற்காலி கிடைக்காமல் திண்ணையிலும் மாடியிலும் நிற்கிற தண்டையார்பேட்டைச் சொந்தங்களே, வணக்கம்.

நான் அளவோடு நிறுத்துகிற அணி. என் வேலை ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது. அதனால் சொந்தக்காரர்களில் யாருக்கு வரன் பேசினாலும், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்துவிடும். “அத்தை, இதில் உண்மைச் சம்பளம் எது?” என்று பையனே கேட்பான்!

எதிரணித் தலைவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் படித்துவிட்டு வந்து பேசினார். முக்கியமான விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அந்தத் திருமணத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம் என்றார். சரிதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவு தாலி கட்டும்வரை ஏமாற்றியவனுக்கு. முதல் தொலைபேசிப் பேச்சில் “சம்பளச் சீட்டை அடுத்த சந்திப்பில் காட்டுகிறேன்” என்றவனை அது தொடாது. “காசிமேட்டில் மீனைக் காட்டாமல் விற்க முடியுமா” என்றும் கேட்டீர்கள், கைதட்டலும் வாங்கினீர்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது மீனுக்குச் சரி. வரன் பேசும்போது கூடைக்குள் இருப்பதும் ஆள், வெளியே நிற்பதும் ஆள். அவர் செவுளை யார் பார்ப்பது?

அடுத்துப் பேசிய தம்பி, “ஒரு எண்ணைச் சொன்னால் தீர்ந்தது, இதில் என்ன வெட்கம்” என்றார். பாதி சரி. எண்ணைச் சொல்வதில் வெட்கம் இல்லை. எந்த எண் என்பதுதான் சிக்கல்.

என் அண்ணன் மகன் கதையைச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டை வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. வேலை உத்தரவில் ஆண்டுக்கு 9 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 75,000. ஊரார் வாயில் அந்த எண்தான் ஓடும். என் மேசையில் வேறு கணக்கு. அதில் ஆண்டுக்கு 90,000 செயல்திறன் தொகை. நன்றாகப் போனால் வரும், போகாவிட்டால் குறையும். அதை எடுத்தால் மாதம் 7,500 போயிற்று. அடிப்படைச் சம்பளம் 30,000. அதற்கு நிறுவனம் கட்டுகிற வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், அதாவது 3,600, இந்த 75,000-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவன் பங்காக இன்னொரு 3,600 பிடிப்பார்கள். பணிக்கொடைக்கென்று ஏறக்குறைய 1,450 ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் வங்கிக்கு வருவது 58 ஆயிரத்துச் சொச்சம். 75 என்று சொன்னாலும் பொய்யில்லை, 58 என்று சொன்னாலும் பொய்யில்லை. ஆனால் 75-ஐ நம்பி வந்த பெண் முதல் மாதம் 58-ஐப் பார்த்தால், அவள் கண்ணுக்கு இவன் பொய்யன்.

இவனுக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெரியப்பா பேசினார். நலம் விசாரித்த கையோடு சம்பளத்துக்கு வந்துவிட்டார். பையனுக்குக் கூச்சம். “அதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம் சார்” என்றான். “சொந்த வீடா?” என்றார். “இருக்கிறது சார்” என்றான். “எந்த இடம்?” என்றார். “பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சார்” என்றான்.

இந்தப் ‘பக்கம்’ நமக்குத் தெரியாததா? வியாசர்பாடியில் இருப்பவர் “பெரம்பூர் பக்கம்” என்பார். கொருக்குப்பேட்டையில் இருப்பவர் வண்ணாரப்பேட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். ஏனென்றால் இடத்தைக் கேட்கிறவர் இடத்தை மட்டுமா கேட்கிறார்? தெருப் பெயர் தெரிந்ததும் வருமானமும் சாதியும் சேர்த்து மனத்தில் எழுதிக்கொள்கிறார். பையன் ஒளித்ததற்குக் காரணம் இருக்கிறது. விளைவு வேறாகப் போயிற்று. மூன்று கேள்விக்கும் மூடிய பதில் வந்ததும், பெரியப்பா “பையனுக்கு வேலையே சந்தேகம்” என்று தரகரிடம் சொல்லிவிட்டார்.

பிறகு இன்னொரு இடத்திலிருந்து பேசினார்கள். பெண்ணின் தாய்மாமா. கேள்வி ஏறக்குறைய அதே. இந்த முறை பையன் என்னிடம் கேட்டுக்கொண்டு பேசினான். “கையில் மாதம் 55 முதல் 60-க்குள் வருகிறது சார். கடன் இல்லை. அப்பாவின் மருந்துச் செலவு என்னுடையது. சம்பளச் சீட்டை, இரு வீட்டாரும் ஒருமுறை பார்த்துப் பிடித்துப்போனால், நீங்களும் காட்டுங்கள், நானும் காட்டுகிறேன்.” அவ்வளவுதான். எதிரணியினர் இதைப் பாதி மறைத்தல் என்பார்கள். இதில் எது மறைந்தது? தொகைக்கு ஒரு வரம்பு சொன்னான். அந்தப் பணத்தில் ஏற்கெனவே யாருக்குப் பங்கு என்றும் சொன்னான். மாமாவுக்கு உண்மையில் தெரியவேண்டியது தன் வீட்டுப் பெண் பட்டினி கிடக்கமாட்டாள் என்பதுதான். அது கிடைத்துவிட்டது. மீதிக்கு அவன் நாள் குறித்துவிட்டான். மழுப்புகிறவனும் தள்ளிவைக்கிறவனும் வேறுபடுகிற இடம் இது: மழுப்புகிறவன் “பார்க்கலாம்” என்பான், எப்போது என்று சொல்லமாட்டான்.

வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். வடசென்னையில் இது கொஞ்சம் முள்ளான கேள்வி. பலர் இருப்பது குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில். 1970-இல் தொடங்கிய வாரியம். இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது, நம் வாயில் மாறவில்லை. பாட்டி பெயரில் ஒதுக்கீடு இருக்கும். தவணை கட்டி முடித்து விற்பனைப் பத்திரம் வாங்கியிருக்கமாட்டார்கள். அதைச் “சொந்த வீடு” என்று சொல்லிவிட்டால், நிச்சயத்துக்கு முன் பெண் வீட்டார் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் கேட்கும்போது என்ன காட்டுவது? அதனால் பையன் இப்படிச் சொன்னான்: “பாட்டி பெயரில் ஒதுக்கிய வாரிய வீடு சார், கொருக்குப்பேட்டையில். வாடகை கிடையாது. என் பெயரில் சொத்து எதுவும் இல்லை.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். ஆனால் அதைச் சொன்னபின் தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. தாய்மாமா “சரி தம்பி” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

அவரிடம் பையன் திருப்பியும் கேட்டான். “உங்கள் பெண்ணும் வேலை பார்க்கிறாரே சார், கல்யாணத்துக்குப் பிறகு தொடர விருப்பமா? அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் யாராவது இருக்கிறார்களா?” இதைத் திமிர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் நல்ல சோதனையாகத் தெரிகிறது. தெரிந்துகொள்ளக் கேட்டவர் திரும்பிவரும் கேள்விக்குச் சாதாரணமாகப் பதில் சொல்வார். எடை போடக் கேட்டவருக்குக் குரல் மாறிவிடும். இந்த மாமா, “அவள் தம்பியின் படிப்பு முடியும்வரை அவள்தான் கட்டணம் கட்டுகிறாள்” என்றார். அதன் பிறகு இருவருமே கொஞ்சம் இறங்கிப் பேசினார்கள் என்று பையன் சொன்னான்.

சொத்துக் கேள்வி “எத்தனை பவுன் போடுவீர்கள்” என்று திரும்பினால் மட்டும் இந்த அளவுக் கணக்கெல்லாம் கிடையாது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், வாங்கவே வேண்டாம், கேட்டாலே குற்றம்; ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. தலைமை ஆசிரியர் ஐயா 12-ஆம் பிரிவு சொன்னார், இதையும் சொல்லியிருக்கலாம். “அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லைங்க” என்று ஒரே வாக்கியம். மரியாதை குரலில் இருந்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய அக்கா, வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில் சாதி கேட்டதைச் சொல்லிக் கண்கலங்கினார். அக்கா, இன்றைய தலைப்பு வரன் பேச்சு. ஆனாலும் பதில் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டியது வாடகை வருமா, வீடு பத்திரமாக இருக்குமா என்பதுதான். வேலை எங்கே, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டுக்காரர் எண் இது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லலாம். சாதிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. “அது வாடகைக்குத் தேவையில்லைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கலாம். வீடு கிடைக்காமலும் போகலாம். அதை நான் மறைக்கவில்லை.

வரன் பேச்சில் சாதிக் கேள்வி இவ்வளவு எளிதில்லை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், தமிழ்நாடு பெருமளவு எடுத்துவிட்டது. கேள்வி மட்டும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. “பூர்விகம் எது? குலதெய்வம் எங்கே? வீட்டில் அசைவம் உண்டா?” நேரடியாகக் கேட்கிறவரே பரவாயில்லை. என் யோசனை இது: சாதி பார்த்துத்தான் செய்வீர்கள் என்றால் நீங்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இருவர் நேரமும் மிச்சம். பார்க்கமாட்டீர்கள் என்றால், “நாங்கள் அதைப் பார்ப்பதில்லை, உங்களுக்கு அது முக்கியம் என்றால் இப்போதே சொல்லுங்கள், வருத்தமில்லை” என்று முடிவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

என் அணியிலேயே இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. எனக்கு அடுத்துப் பேசப்போகிற வியாசர்பாடித் தம்பி, “சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி வாங்குகிறவனிடம் போய் முடிவை அவர் கையில் கொடு என்கிறீர்களே அக்கா” என்று மேடைக்குப் பின்னால் என்னிடம் சண்டை போட்டார். எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவரே பேசட்டும் நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துகொள்கிறேன்.