கதை நான்காம் பக்கத்தில் தொடங்கினால்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக நாவல் எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளில் அடிக்கடி தென்படும் கோளாறு ஒன்று உண்டு. கதை நான்காம் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் மூன்று பக்கங்களில், எழுதியவர் பாத்திரத்தைத் தான் புரிந்துகொள்வதற்காக எழுதிய குறிப்புகளே இருக்கும்.

ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பார்ப்போம். பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவன் காலையில் கண்விழிக்கிறான். அப்பாவிடம் தொழில் கற்றது, கடன் ஏறியது, மனைவியோடு பேச்சு நின்றுபோனது எல்லாம் வரிசையாக வருகின்றன. நான்காம் பக்கத்தில் ஒரு பெண் வந்து, "வீட்டுச் சாவி தொலைஞ்சிடுச்சு, கொஞ்சம் திறந்து தர முடியுமா?" என்கிறாள். அதுவரை பொறுத்திருக்க வாசகருக்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது அந்தக் கேள்வியையே முதல் வரியாக்குங்கள். அவன் பூட்டைத் திறக்கிறான். உள்ளே போனவள் விளக்கு சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிறாள். சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரியாதா? அவன் அதைக் கவனிக்கிறான், வாசகரும் கவனிக்கிறார். அவள் பேசிய கூலியைப் போல இரண்டு மடங்கை நீட்டுகிறாள். அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறான். கடனைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், அதுவும் ஒரே வாக்கியத்தில். முதல் பக்கத்தில் வெறும் தகவலாக இருந்த அதே கடன், இங்கே அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்குக் காரணமாகிவிடுகிறது. அப்பாவும் மனைவியும் அடுத்த அத்தியாயம் வரை காத்திருக்கலாம்.

இதில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. பூட்டு திறக்குமா என்ற சின்னக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கிறது. அந்த இடத்திலேயே, இவள் யார், இவன் எதில் மாட்டிக்கொண்டான் என்ற பெரிய கேள்வி எழுகிறது. ஒன்றுக்கும் விடை தராமல் மர்மத்தை மட்டுமே அடுக்கினால் வாசகர் சலித்துப்போவார். யாரென்றே தெரியாத ஒருவரின் கொலையோடு தொடங்குவதும் பலர் நினைக்கிற அளவுக்குப் பலன் தருவதில்லை. செத்தவர் மீது நமக்கு இன்னும் பற்று வரவில்லையே! அதைவிட மோசமானது, கதை சொல்லும் பாத்திரத்துக்கே தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது. பிறகு அது வெளியே வரும்போது, ஏமாற்றப்பட்ட எரிச்சல்தான் மிஞ்சும்.

உங்கள் பிரதியைச் சோதிக்க, முதல் மூன்று பக்கங்களில், அதாவது ஏறக்குறைய 750 சொற்களில், கதை தொடங்குவதற்கு முன் நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்தால், கதை இன்னும் தொடங்கவில்லை. பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நாகரிகத்துக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். "அடுத்து என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று கேளுங்கள். "அவன் போலீஸுக்குப் போவானா?" என்றால் பக்கங்கள் வேலை செய்கின்றன. "இதுல யாரு யாரோட அண்ணன்?" என்றால் பெயர்கள் அதிகமாகிவிட்டன. இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப எழுதுங்கள்.