பட்டறைக்கு ஒரு பிள்ளை

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தமிழ் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஐ.டி.ஐ. முதல்வர் அம்மா அவர்களே, பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வந்திருக்கும் சிறுதொழில் முதலாளிகளே, மன்றத்தின் மூத்தவர்களே, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நீதிபதி ஐயா சென்ற ஆண்டும் வந்திருந்து, கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குத் தம் கையால் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. முதல்வர் அம்மா என் அழைப்பை ஏற்றபோது, "என் நிறுவனத்தைக் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதல் நன்றி.

நான் மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். படித்த பிள்ளைக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள பள்ளம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. அதை மூடச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பது இரண்டாவது. இந்தத் தொழில்களில் நம் பெண்பிள்ளைகள் ஏன் இல்லை என்பது மூன்றாவது.

வேலையின்மை என்றதும் எல்லோரும் எண்ணைக் கேட்கிறார்கள். நடுவண் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24 ஆம் ஆண்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களுமாகச் சேர்ந்த நூறு பேரில் வேலை கிடைக்காதவர்கள் 3.2 பேர். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 10.2 பேர். மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பீன்யாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் "ஆட்கள் தேவை" என்று கதவில் அட்டை தொங்குகிறது. வேலை கேட்பவனும் இருக்கிறான், ஆள் கேட்பவரும் இருக்கிறார். இருவரும் ஏன் சேரவில்லை?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். என் தந்தையார் தினமும் சொன்ன பழமொழி இது. ஐ.டி.ஐ.யில் படித்தது ஏட்டுச் சுரைக்காய், அதனால்தான் பிள்ளைக்கு வேலை இல்லை என்று முதலாளிகள் இதையே சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன். டர்னர் பிரிவில் இரண்டு ஆண்டு படித்துத் தேறியவன். லேத்தில் கை நன்றாக ஓடும். ஒரு தொழிற்சாலையில், கணினி வழி இயங்கும் சி.என்.சி. லேத்தின் ஆபரேட்டராக ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். மூன்றாம் வாரம் இரவு ஷிஃப்ட். ஷாப்ட் ஒன்றில் பியரிங் உட்காரும் இடத்தைக் கடைய வேண்டும். விட்டம் 25 மில்லிமீட்டர். டிராயிங்கில் கே6 என்ற அளவு எல்லை குறித்திருந்தது. அதாவது 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது. நடுவில் இருப்பது 13 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் பதின்மூன்று பங்கு. ஒரு தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது.

மாலையில் செட்டர் வந்து இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தார், முதல் உருப்படியை அளந்து சரி என்றார், பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று இயந்திரங்களுக்கு ஒரே செட்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசல் வெளிவிட்டத்தில் நடக்கும்போது, வெட்டும் இன்சர்ட்டின் முனை தேயத் தேய விட்டம் மெல்லக் கூடும். கூடும்போது, இயந்திரத் திரையில் அளவைத் திருத்தும் ஆஃப்செட் பக்கத்தில் அந்த அளவைக் கழித்துப் போட வேண்டும். இவ்வளவும் பையனுக்குத் தெரியும்.

நள்ளிரவுக்குப் பிறகு ஓர் உருப்படியை இயந்திரத்திலிருந்து எடுத்த கையோடு மைக்ரோமீட்டரில் அளந்தான். 25.018 காட்டியது. "மூன்று மைக்ரான் தாண்டிவிட்டதே" என்று பதறி, 15 மைக்ரான் கழித்தான். அடுத்தது 25.003. எல்லைக்குள் வந்துவிட்டது என்று நிம்மதியாக விடியும் வரை ஓட்டினான். காலையில் தரப் பரிசோதகர் குளிர்ந்த உருப்படியை அளந்தார். 24.997. அடுத்ததும் அப்படியே. நாற்பத்திரண்டு ஷாப்டுகள். பெரிதாக இருந்தால் இன்னொரு முறை கடையலாம், தேய்த்துக் குறைக்கலாம். சிறிதாகிப்போனதை என்ன செய்வது? பியரிங் உள்ளே வழுக்கும். நாற்பத்திரண்டும் பழைய இரும்பு.

என்ன நடந்தது? உருப்படி சூடாக இருந்தது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் என்பது மீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அறையைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் விரிவு 6 மைக்ரான். அவன் கண்ட 25.018 உண்மையில் 25.012. எல்லைக்குள்ளேயே இருந்தது! அவன் எதையுமே தொட்டிருக்க வேண்டாம்.

அன்று காலையே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். "ஐ.டி.ஐ. பையன்கள் எதற்கும் லாயக்கில்லை" என்று மேலாளர் சொன்னாராம். மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு ஷாப்ட். நானும் அவனும் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து அதைச் சூடேற்றி, துடைத்து அளந்தோம். பிறகு ஆறவிட்டு அளந்தோம். இரண்டு எண்களையும் பார்த்து அவன் அழுதான். "இதை யாருமே சொல்லவில்லை தாத்தா" என்றான்.

இந்தப் பிழை யாருடையது? முதல்வர் அம்மா, உங்கள் நிறுவனத்தின் பங்கை முதலில் சொல்கிறேன். வகுப்பில் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஆறிப்போன உருண்டைத் துண்டில். பதினைந்து மைக்ரானுக்குள் ஓர் உருப்படியை அவன் அங்கே கடைந்ததே இல்லை. புது இயந்திரம் வாங்கினால் தீருமா என்றால், தீராது. இருபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு சி.என்.சி. இருந்தால் ஆளுக்கு எத்தனை மணி நேரம் வரும்? மோதி உடைந்தால் பல லட்சம் செலவு என்ற அச்சத்தில் ஆசிரியரே ஓட்டிக்காட்டுவார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒரே அளவில் இருநூறு உருப்படி ஓட்டி, முனை தேய்வதையும் அளவு நகர்வதையும் கண்ணால் காண்பது உற்பத்தி நடக்கும் இடத்தில்தான் முடியும்.

முதலாளிகளே, உங்கள் பங்கு இதைவிடப் பெரியது. உங்களுக்குத் தேவை செட்டர். நீங்கள் வேலைக்கு எடுப்பது பொத்தான் அழுத்தும் ஆபரேட்டரை. உருப்படியை மாட்டு, கதவை மூடு, பச்சைப் பொத்தானை அழுத்து, கழற்று. மூன்று ஆண்டு இதையே செய்தவனுக்கு லேத்தில் இருந்த கையும் போய்விடும். செட்டரை உருவாக்க எவரும் செலவு செய்வதில்லை, பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் கொடி ஏறப் பந்தல் போடாதவருக்குக் காய் கேட்க என்ன உரிமை?

எனக்குப் பந்தல் கிடைத்தது. ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது முதல் மாதங்களில் அரம் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. இரும்புக் கட்டியை ஆறு பக்கமும் தட்டையாக அராவ வேண்டும். நீலச் சாயம் தடவிய சமதளப் பலகையில் வைத்துத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டை மட்டும் எடுக்க வேண்டும். நீலம் முகம் முழுக்கப் பரவும் நாள் வரை இதுதான் வேலை. அருகில் ஒரு மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். அவர் பேசியது குறைவு, ஆனால் நின்றார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பட்டறையில் தொழில் பழகுபவர்களுக்கான அப்ரண்டிஸ் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இன்றைய விதிகளின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, நடுவண் அரசு ஏற்கிறது. பீன்யாவின் பட்டறைகளில் மிகப் பல இந்த இரண்டாவது வகை. கட்டாயம் இல்லை, ஆகவே எவரும் எடுப்பதில்லை. "என்னிடம் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங்கும்தான். இதில் என்ன பயிற்சி கொடுப்பேன்?" என்று ஒரு முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்கும் அந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, தம்மிடம் உள்ள அப்ரண்டிஸ்களை ஒருவர் பட்டறையிலிருந்து இன்னொருவர் பட்டறைக்கு மாற்றிப் பயிற்சி தரலாம். இதை நான் நான்கு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன். ஒரே தெருவில் நான்கு பட்டறைகள். ஒன்றில் சி.என்.சி. லேத், ஒன்றில் மில்லிங், ஒன்றில் கிரைண்டிங், ஒன்றில் நல்ல அளவுக் கருவிகள். பட்டறைக்கு ஒரு பிள்ளை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் இடம் மாறுவார்கள். ஓராண்டில் நான்கு பேரும் நான்கையும் தொட்டிருப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அப்ரண்டிஸ் என்ற பெயரில் மலிவான கூலியாளாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளையின் பயிற்சிப் பதிவேட்டைக் கேளுங்கள். முதலாளி அதை வைத்திருக்கச் சட்டம் கடமைப்படுத்துகிறது. பிறகு பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உனக்குச் சொல்லிக்கொடுக்கும் செட்டரின் பெயர் என்ன? இந்த மாதம் ஆஃப்செட்டை நீயே எத்தனை முறை மாற்றினாய்? கெட்டுப்போன உருப்படி ஏன் கெட்டது என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அங்கே பயிற்சி நடக்கவில்லை, உடனே என்னிடம் வாருங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகச் செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று மட்டும். மைக்ரானை உணரும் விரலுக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை. இரவு ஷிஃப்ட், கழிப்பறை, வீடு திரும்பும் பஸ் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதலாளிகள் போகும்போது மூன்றே மூன்றை எழுதுங்கள்: பட்டறை இருக்கும் தெரு, கொடுக்கக்கூடிய இயந்திரம், பக்கத்தில் நிற்கப்போகும் செட்டரின் பெயர். மூன்றாவதை எழுத முடியாதவர்கள் இப்போது எழுத வேண்டாம், அடுத்த மாதம் எழுதுங்கள். மேசையருகே பேனாவோடு நிற்கும் பையன்தான் அந்த நாற்பத்திரண்டு ஷாப்டுப் பையன். இப்போது வேறொரு பட்டறையில் செட்டருக்குத் துணையாக இருக்கிறான். உருப்படியை ஆறவிட்டே அளக்கிறான். நன்றி, வணக்கம்.