புளூடூத் ஆன் ஆக மறுக்கிறதா? வைஃபையிடம் கேளுங்கள்!

புளூடூத் பட்டனைத் தட்டுகிறீர்கள். சாம்பல் நிறமாகிச் சில வினாடிகள் அப்படியே நிற்கிறது, பிறகு தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. உடனே கடைக்கு ஓட வேண்டாம். கோளாறு சாஃப்ட்வேரிலா, போர்டிலா என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். சாட்சி சொல்லப்போவது வைஃபை!

முதலில் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெரும்பாலான புளூடூத் சிப்புகளுக்கு, அணைத்துவிட்டால் படித்த பாடம் மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபோன் சிப்பை எழுப்பி, அந்தப் பாடமான ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி, "தயாரா?" என்று கேட்கிறது. பதில் வரும்வரை பட்டனை நாம் தொட முடியாது. அந்தக் காத்திருப்புதான் சாம்பல் நிறம்! நல்ல ஃபோனில் இது சட்டென்று முடிந்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. பதிலே வராவிட்டால் ஃபோன் பட்டனை ஆஃபுக்குத் தள்ளிவிடும். ஆனால் அலுவலகம் கொடுத்த ஃபோனில் எப்போதுமே சாம்பலாக இருந்தால், நிர்வாகமே பூட்டியிருக்கலாம்.

சரி, ஆண்ட்ராய்டு ஃபோனை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டு இந்த வழியில் போங்கள். பெயர்கள் ஃபோனுக்கு ஃபோன் கொஞ்சம் மாறும்.

```
Settings > Apps > Show system > Bluetooth
Storage > Clear cache, Clear storage
```

சேமித்த தகவல் கெட்டுப்போய் புளூடூத் செயலி திரும்பத் திரும்ப முடங்கிக்கொண்டிருந்தால், இதிலேயே சரியாகிவிடும். ஹெட்செட், கார் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான்.

இதற்கும் அசையவில்லையா? என் அத்தையின் ஃபோன் அப்படித்தான் இருந்தது. படிக்கட்டில் விழுந்த இரண்டாம் நாள் புளூடூத் போனது. யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லியிருந்தார்கள். "இருங்கத்தை, ஃபோட்டோவெல்லாம் போயிடும்" என்று வாங்கி, வைஃபையை ஆன் செய்தேன். அதுவும் சாம்பலாகி ஆஃப் ஆனது. About phone பக்கத்தில் வைஃபை முகவரி 02:00:00:00:00:00 என்று இருந்தது. அது சிப்பிடமிருந்து படித்த முகவரி அல்ல, ஆண்ட்ராய்டு காட்டும் வெற்று எண். பல ஃபோன்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சிப்தான். அதனால் இரண்டும் சேர்ந்து படுத்தால் என் சந்தேகம் முதலில் அந்தச் சிப்பின் மேலும், அதைப் போர்டோடு பிடித்திருக்கும் சாலிடர் மேலும்தான் போகும். ஃபோன் சூடானால் போய், ஆறினால் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வைஃபை நன்றாக ஓடி புளூடூத் மட்டும் படுத்தினால், பேக்கப் எடுத்துவிட்டு ரீசெட் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பேட்டரிக்கு ஆபத்து. அத்தை ஃபோனுக்குக் கடையில் முதலில் சாலிடர் மறுபடி பிடிக்கட்டும் என்று ஹீட் மட்டும் வைத்தார்கள், மூன்று வாரத்தில் மறுபடி போனது. அப்புறம் சிப்பையே மாற்றினோம். கடையில் கொடுக்கும்போது ஹீட்டா, சிப் மாற்றமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் ஃபோனில் வைஃபை என்ன சொல்கிறது? கீழே எழுதுங்கள், படித்துப் பதில் போடுகிறேன்.