கண்ணாடிக் குழாயில் உறையும் இரத்தம் நாளத்தில் ஏன் உறைவதில்லை?

(மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். படுவான்கரை வயலில் பாம்பு கடித்து ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால் என்ன சோதனை செய்வார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிறிதளவு இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பார்கள். இன்னும் நீராக வழிந்தால், கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதற் புரதங்களைத் தீர்த்துவிட்டது என்று சந்தேகிப்பார்கள். சவர்க்காரம் இட்டுக் கழுவிய குழாயாக இருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும்.

நான் பேச வந்தது பாம்பைப் பற்றி அல்ல. கடிபடாதவரின் இரத்தம் அந்தக் குழாயில் சில நிமிடங்களிலேயே கட்டியாகிறது. அதே இரத்தம் அவர் உடலுக்குள் எழுபது, எண்பது ஆண்டுகள் ஓடுகிறதே, எப்படி?

கண்ணாடி, உறைதலைத் தூண்டும் பரப்பு. நாளத்தின் உட்புறத்திலோ ஒற்றை வரிசைக் கலங்களாலான அகவணி விரிந்திருக்கிறது. அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை ஓயாமல் ஆக்குகிறது. சில விநாடிகளே நிலைக்கும் அந்த வாயு, காயத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தக்கசிவை அடைக்கும் நுண்துணிக்கையான குருதிச் சிறுதட்டு சுவரை உரசிப் போகையில் அதற்குள் நுழைந்து, அது விழித்தெழுந்து ஒட்டிக்கொள்ளாதபடி அடக்கிவைக்கிறது. இரத்தத்தில் கலந்த மீதியை ஈமோகுளோபின் உறிஞ்சிவிடும். ஆகவே அகவணி உரிந்துபோன இடத்தில் இந்தக் காவல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது துரொம்பினின் கதை. இரத்தக்கட்டியை இறுகப் பிடிக்கும் பைபிரின் என்ற நார்ப்புரதத்தை வலையாகப் பின்னவைக்கும் நொதியம் அதுதான். காயத்திலிருந்து சற்று விலகி, நலமான அகவணிக்கு அது வந்துவிட்டால், அங்கே துரொம்போமொடியூலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட துரொம்பின் வலை பின்னுவதை விட்டுவிட்டு, புரதம் சி என்பதைத் தூண்டுகிறது. கட்சி மாறிய தளபதி என்றே சொல்லலாம். தூண்டப்பட்ட புரதம் சி, புரதம் எஸ்ஸின் துணையோடு, உறைதலை விரைவுபடுத்தும் ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டி முடக்குகிறது. பிடிபடாமல் தப்பும் துரொம்பினை, இரத்தத்திலுள்ள அன்ரித்துரொம்பின் என்ற புரதம் முடக்கிவிடும். அகவணியின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேற்று அதன் வேகத்தைக் கூட்டுகிறது. நாம் ஊசியாகப் போடும் ஹெப்பரினும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு சிகிச்சை முறையும் விளங்கும். காலில் இரத்தக்கட்டி வந்தவருக்கு, உறைதலைத் தடுக்கும் வோர்பரின் மாத்திரை தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வோர்பரின், விற்றமின் கே இன்றி ஈரலில் முழுமை பெறாத புரதங்களைக் குறைக்கிறது. துரொம்பினின் மூலமான புரோதுரொம்பின் அவற்றில் ஒன்று. புரதம் சியும் ஒன்று. புரதம் சி சுமார் 8 மணித்தியாலத்தில் பாதியாகிறது. புரோதுரொம்பினுக்கோ இரண்டரை நாள் வேண்டும். ஆகவே முதல் இரண்டு நாளில், உறையவைக்கும் புரோதுரொம்பினுக்கு முந்தி, உறைதலைத் தடுக்கும் புரதம் சி குறைந்துவிடுகிறது. அபூர்வமாகச் சிலருக்கு, குறிப்பாகப் பிறவியிலேயே புரதம் சி குறைந்தவர்களுக்கு, தோலின் நுண்ணாளங்கள் அடைபட்டு மார்பு, தொடை போன்ற இடங்களில் தோல் கறுத்து அழுகும். அதனால்தான் மாத்திரை தொடங்கிய பின்னும் ஹெப்பரின் ஊசியைக் குறைந்தது ஐந்து நாளாவது தொடர்கிறார்கள். “மாத்திரைதான் குடிக்கிறேனே, ஊசி எதற்கு, டொக்டர்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.