"நாளை" என்று போன மெசேஜ்

வணக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில், பிரஷர், சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் வருகிறவர்களுக்கு ஞாபகப்படுத்தும் மெசேஜ் அனுப்புகிற வேலை என்னுடையது. போகாத மெசேஜை எப்போது திரும்ப அனுப்புவது, எப்போது அதை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். எனக்கு இதைப் படிப்பித்தது உன்னிச்சைப் பக்கத்து அம்மா ஒருவர்.

அவருக்குக் கிளினிக் வியாழக்கிழமை. வந்தது வெள்ளிக்கிழமை. விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து, சாப்பிடாமல், கொப்பியோடு வந்து வாசலில் நிற்கிறார், அன்றைக்கு டொக்டர் இல்லை. "நாளைக்கு எண்டுதானே மகன் போட்டிருந்தீங்க" என்று போனை நீட்டினார். பார்த்தால் ஒரே மெசேஜ் நாலு தரம் வந்திருக்கிறது, நாலும் இறங்கிய நேரம் வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பிறகு.

நடந்தது இதுதான். புதன் பின்னேரம் நான் அனுப்பினேன். சேர்ந்தது என்று அறிக்கை வரவில்லை. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்ப அனுப்பினேன், இரவு மறுபடி, படுக்கப் போகும் முன் இன்னுமொரு தரம். அவர் அப்போது வேளாண்மைக் காவலுக்கு வாடியில் இருந்தார், போனில் சார்ஜ் இல்லை. வியாழன் காலை வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டதும் நாலும் சேர்ந்து இறங்கின, நாலிலும் "நாளை" என்றே இருந்தது.

நான் விளங்கிக்கொள்ளாமல் இருந்த விஷயம், நாம் அனுப்பும் எஸ்.எம்.எஸ் நேராக அவருடைய போனுக்குப் போவதில்லை, போன் கம்பனியின் மெசேஜ் மையத்தில் போய்த் தங்குகிறது. போன் நிறுத்தப்பட்டிருந்தால் அந்த மையம் அதை எறிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுத் தானே திரும்ப முயற்சி செய்கிறது, போன் மறுபடி டவரோடு சேர்ந்ததும் நெட்வொர்க் தகவல் கொடுக்க, மெசேஜ் இறங்குகிறது. அதாவது எனக்காக ஒரு ஆள் ஏற்கெனவே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். நான் திரும்ப அனுப்பினால் அந்த ஆள் விலகுவதில்லை, பக்கத்தில் இரண்டாவது ஆள் வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எவ்வளவு நேரம் தட்டுவார்? அதற்கு ஒரு ஆயுள் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கம்பனி வைத்திருக்கும் கணக்குப்படி போகும், அது ஒரு நாளாகவும் இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம். ஆனால் மெசேஜ் அனுப்பும் சேவைகள் பெரும்பாலானவற்றில் அந்த ஆயுளை நாமே குறித்துக் கொடுக்கலாம், validity period என்று ஒரு பெட்டி இருக்கும். எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது அந்தப் பெட்டிதான்.

இப்போது நான் பின்னாலிருந்து கணக்குப் பார்க்கிறேன். கிளினிக் வியாழன் காலை 8 மணிக்கு. படுவான்கரையிலிருந்து வருகிறவருக்கு விடிய பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் புதன் இரவுக்குள் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு தெரிந்து பலனில்லை. ஆட்கள் வயலால், கடலால் வீட்டுக்கு வந்து சேர்வது ஆறரை மணியளவில், அதனால் மெசேஜ் சேராதவர்களுக்குக் கோல் எடுக்கிற நேரம் புதன் ஆறரை. அந்த நேரம் மெசேஜ் இன்னும் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே செவ்வாய் பின்னேரம் 5 மணிக்கு அனுப்பி, ஆயுளை 24 மணித்தியாலம் என்று வைக்கிறேன். புதன் 5 மணிக்கு அது முடிந்துவிடும், ஒன்றில் சேர்ந்திருக்கும், இல்லையென்றால் EXPIRED என்று வரும். இடையில் நான் கை வைப்பதே இல்லை. மெசேஜில் "நாளை" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். "கிளினிக் 14.08 வியாழன் காலை 8 மணி. கொப்பி கொண்டு வரவும்." இவ்வளவுதான் போகிறது. தமிழில் ஒரு மெசேஜுக்கு 70 எழுத்து இடம், கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும், இது 56க்குள் அடங்குகிறது. 70ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு சேர்ந்து மற்றது சேராமல் நின்றால் அறிக்கையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது கஷ்டம்.

சரி, புதன் 5 மணி. 60 பேருக்கு அனுப்பினால் ஏழெட்டுப் பேருக்குச் சேர்ந்திருக்காது. இங்கேதான் அவசரப்படக் கூடாது, ஏன் சேரவில்லை என்று பார்க்க வேண்டும். EXPIRED என்றால் பெரும்பாலும் போன் நின்றிருக்கிறது, அல்லது கவரேஜ் இல்லை. இதற்கு வட்ஸ்அப்பில் அனுப்புவோம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் வட்ஸ்அப்பும் அதே சார்ஜ் இல்லாத போனுக்குத்தானே போக வேண்டும்? வழியை மாற்றுவதென்றால், உடைந்த இடத்தைச் சுற்றிப் போகிற வழியாக இருக்க வேண்டும். ஆறரைக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்பேன், போன் அப்போதும் நின்றிருந்தால் மகனின் நம்பர், பக்கத்துக் கடை நம்பர், கொப்பியில் எது இருக்கிறதோ அது. அடுத்த ஆளிடம் பேசும்போது வருத்தத்தைச் சொல்ல மாட்டேன், "எங்களுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும்.

UNDELIV, அதாவது சேர்க்க முடியவில்லை என்று வந்தால் கதை வேறு. கூட ஒரு எண் வரும், அதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆகவே சேவை தருகிறவரிடம் அந்தப் பட்டியலை வாங்கி வைத்திருங்கள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்பது அதன் பொருளானால் நூறு தரம் அனுப்பினாலும் போகாது. வெளிநாடு போய் சிம்மை விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கைவிட்ட நம்பர் பிறகு வேறு ஆளுக்கும் போகலாம், அவருக்கு இவருடைய கிளினிக் திகதி போய்ச் சேரும். அந்த நம்பரை அன்றைக்கே வெட்டிவிட்டு ஆளை மற்ற நம்பரில் தேடுகிறேன். போனில் மெசேஜ் இடம் நிரம்பிவிட்டது என்று வந்தால் மட்டும் கோல் நேராகப் பலன் தரும், போன் வேலை செய்கிறது, பெட்டிதான் நிறைந்திருக்கிறது.

ஏழெட்டு இல்லாமல் ஐம்பதும் விழுந்தால் ஆட்களை விட்டுவிட்டு என் பக்கம் பார்க்கிறேன். REJECTD என்று வரிசையாக வந்தால் அனுப்புகிற கணக்கில் காசு முடிந்திருக்கலாம், அனுப்புநர் பெயரை ஏற்காமல் விட்டிருக்கலாம். இவை போனுக்குக் கிட்டவும் போகவில்லை, ஆகவே காரணத்தைச் சரிசெய்துவிட்டுத் தாராளமாகத் திரும்ப அனுப்பலாம், திரும்ப அனுப்புவதற்குச் சரியான இடம் இதுதான். மாரி மழையில் கரண்ட் போய் டவரின் பட்டரி இறங்கி ஒரு பக்கத்து ஊர்களே சேர்ந்து விழுந்தால் அது வேறு, அப்போது அந்த ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பெயர்களைக் கொடுத்துவிட்டு, வர முடியாதவர்களுக்கு அடுத்த கிளினிக்கில் இடம் வைக்கிறோம்.

இன்னும் ஒன்று. DELIVRD என்று வந்தும் வாசிக்காதவர்கள் இருக்கிறார்கள். சில பழைய பட்டன் போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும், போன் வாங்கிக்கொண்டது என்று அறிக்கை பச்சையாக நிற்கும். தொடர்ந்து இரண்டு தரம் DELIVRD வந்தும் ஆள் வராவிட்டால் அவருக்கு இனி மெசேஜ் இல்லை, கோல் மட்டும் என்று கொப்பியில் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் கொப்பியில் இப்போது வாடிக்குப் பக்கத்துக் கடைக்காரரின் நம்பர் இருக்கிறது, அவரே கேட்டுக்கொண்டு வந்து தந்தார். போன மாதம் செவ்வாய் அனுப்பியது புதன் 5 மணிக்கு EXPIRED ஆனது. ஆறே முக்காலுக்குக் கடைக்கு எடுத்தேன், எட்டு மணிக்கு அந்த அம்மா கடை போனிலிருந்து எடுத்தார். வியாழன் காலை ஏழரைக்கு வரிசையில் மூன்றாவது ஆளாக இருந்தார்.